முகங்கள் மாறினாலும் மாறாத கேள்வி

கடந்த விடுமுறையில் ஒருநாள் இரவு உம்மாவும் சாச்சியும் நானும் ஒன்றாக இருந்து ‘புத்தம் புது காலை’ பார்த்தோம். முதல் கதை முடிந்து இரண்டாவது கதை தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். உம்மா திடீரென்று கேட்டா, “ஏன் மகள், அந்த ஊர்வசி எங்க போயிட்டா? அவவுக்குப் பிறகு என்ன நடந்த?”

“அந்தக் கதை முடிஞ்சிட்டு உம்மா. இது வேற கதை.”

“அப்ப எதுக்கு ஒரே பேரு? இது அஞ்சு படம். ஒரு படம் எண்டு ஏமாத்துறாங்க.”

சாச்சி சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உம்மாவின் கேள்வி சரியான கேள்வி என்று பட்டது. அதற்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

நாம் பழகிய நாடகத் தொடர்களில் நேற்று அழுதவள் இன்று வந்து பழிவாங்குவாள். நேற்று எழுதிய கடிதம் நாளை ஒருவர் கையில் அகப்படும். கதைதான் அங்கே நூல். இன்னொரு வகைத் தொடரில் ஒரு பருவம் முடிந்ததும் எல்லோரும் போய்விடுகிறார்கள். அடுத்த பருவத்தில் புதிய நடிகர்கள், புதிய ஊர், புதிய கதை, ஆனால் பெயர் மட்டும் பழையது. அமெரிக்காவில் 2014இல் தொடங்கிய ‘ட்ரூ டிடெக்டிவ்’ இந்த முறையில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு பருவத்திலும் வேறு துப்பறிவாளர்கள், வேறு ஊர். இதைத் தமிழில் தொகுப்புத் தொடர் என்கிறார்கள். உம்மா கேட்டதுதான் இந்த வகையின் உயிர்க்கேள்வி. கதை தொடரவில்லையென்றால் எது தொடர்கிறது?

கருப்பொருள் என்று உடனே சொல்லிவிடலாம். பரீட்சையில் அப்படி எழுதினால் புள்ளியும் கிடைக்கும். ஆனால் கருப்பொருள் என்று நாம் பெரும்பாலும் சொல்வது ஒரு சொல்லைத்தான். காதல், தாய்மை, தனிமை, நோய். ஒரு சொல்லால் ஐந்து கதைகளைக் கட்ட முடியாது என்பது என் எண்ணம். கட்டுவது ஒரு கேள்வி. அதற்கு ஒவ்வொரு கதையும் வேறு பதில் சொல்லும்போதுதான் அவை ஒரு குடும்பமாகின்றன. உம்மா பார்த்துக் குழம்பிய அந்தத் தொகுப்பையே எடுத்துக் காட்டுகிறேன்.

‘புத்தம் புது காலை’ 2020 ஒக்டோபர் 16ஆம் திகதி அமேசன் பிரைமில் வந்தது. சுதா கொங்கரா, கௌதம் வாசுதேவ் மேனன், சுஹாசினி மணிரத்னம், ராஜீவ் மேனன், கார்த்திக் சுப்புராஜ் என்ற ஐந்து இயக்குநர்கள் ஆளுக்கொரு கதை செய்தார்கள். ஐந்தும் இந்தியாவில் 2020 மார்ச் 25இல் தொடங்கிய 21 நாள் பொது முடக்கக் காலத்தில் நடப்பவை. இரண்டாவது தொகுப்பு 2022 ஜனவரி 14இல், பொங்கலன்று வந்தது. அதன் பெயர் ‘புத்தம் புது காலை விடியாதா’. அதில் பாலாஜி மோகன், ஹலிதா ஷமீம், மதுமிதா, ரிச்சர்ட் அந்தோனி, சூர்யா கிருஷ்ணா ஆகிய ஐவர். முதல் தொகுப்பின் இயக்குநர் ஒருவர்கூட இரண்டாவதில் இல்லை. நடிகர்களும் புதியவர்கள். முதல் தொகுப்பில் நடந்த எதையும் இரண்டாவதில் யாரும் நினைவுகூரவில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பாலம் நோய்க்காலம் மட்டும்தான். ஆகவே என் கருத்தைச் சோதித்துப் பார்க்க இது நல்ல இடம்.

நான் செய்த சோதனை எளிதானது. ஒரு கதையிலிருந்து பொது முடக்கத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கதை விழுந்துவிட்டால் கருப்பொருள் அதன் தூணாக இருந்திருக்கிறது. அப்படியே நின்றால் அது சுவரில் தொங்கிய படம்தான்.

சுதா கொங்கராவின் ‘இளமை இதோ இதோ’வில் ஜெயராமும் ஊர்வசியும் துணையை இழந்த இருவர். இளமைக் காலத்துப் பழக்கம். அந்த அம்மா வீட்டில் வேறு காரணம் சொல்லிவிட்டு அவரைப் பார்க்க வருகிறார். சில நாள் இருந்துவிட்டுப் போவதுதான் திட்டம். அதற்குள் நாடு மூடப்படுகிறது. தனியே இருக்கும்போது அவர்களுடைய மனதின் வயது நமக்குத் தெரிகிறது. காளிதாஸும் கல்யாணி பிரியதர்ஷனும் அதே இருவராக வருகிறார்கள். ஆனால் நாட்கள் கூடக்கூட பழக்கவழக்கங்கள் உரசிச் சண்டை வருகிறது. இங்கே முடக்கத்தை எடுத்துவிட்டால் அந்த அம்மா இரண்டாம் நாளே சந்தோஷமாக வீடு போயிருப்பார். சண்டையும் இல்லை, கதையும் இல்லை. பூட்டிய கதவுதான் இந்தக் கதையை எழுதியிருக்கிறது.

ராஜீவ் மேனனின் ‘ரீயூனியன்’ கதையில் ஒரு மருத்துவர் தன் தாயோடு வசிக்கிறார். அங்கே பள்ளித் தோழி ஒருத்தி வந்து அகப்பட்டுக்கொள்கிறாள். ஆண்ட்ரியா நடித்த பாத்திரம் அது. அவளுக்குப் போதைப் பழக்கம் இருப்பதை வெளியில் யாரும் அறியமாட்டார்கள். வீட்டைவிட்டு வெளியே போக முடியாததால்தான் அது தெரிய வருகிறது. அந்த மூதாட்டி அவளைக் கைவிடாததால்தான் அவள் தப்புகிறாள். இங்கும் கதவு திறந்திருந்தால் அவள் எழும்பிப் போயிருப்பாள். ரகசியமும் அவளோடு போயிருக்கும்.

கௌதம் மேனனின் கதையில் எம்.எஸ். பாஸ்கர் நடித்த தாத்தாவின் வீட்டுக்குப் பேத்தி வந்து தங்குகிறாள். குடும்பத்தில் நெடுநாள் மனக்கசப்பு. சுஹாசினியின் கதையில், சுயநினைவின்றிக் கிடக்கும் தாயைத் தகப்பன் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறார். தூரத்தில் வாழும் மகள்மார் அவரைச் சுற்றி வருகிறார்கள். இந்த இரண்டிலும் முடக்கத்தை எடுத்தாலும் கதை முழுதாக விழாது, கொஞ்சம் சாயும். பேத்தி சாதாரண விடுமுறையிலும் வந்திருக்கலாம். தாய்க்கு நோய் எந்த வருடத்திலும் வரலாம்.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி இருக்கிறது. ‘கதவு மூடியபோது உள்ளே உன்னோடு இருந்தது யார்? அவரை உண்மையில் உனக்குத் தெரியுமா?’ காதலன், மகனின் தோழி, தாத்தா, தாய் என்று ஆட்கள் மாறுகிறார்கள். கேள்வி மாறவில்லை. உம்மா தேடிய ஊர்வசி இரண்டாவது கதையில் இல்லை. ஆனால் ஊர்வசி கேட்ட கேள்வியைத்தான் அடுத்த கதையில் பேத்தி கேட்கிறாள்.

ஐந்தாவது கதை கார்த்திக் சுப்புராஜின் ‘மிராக்கிள்’. அதில் வீடே இல்லை. பசியோடு தெருவில் அலையும் இரண்டு சில்லறைத் திருடர்கள். அவர்களுக்கு உள்ளே அடைபடுவதற்கு ஒரு கதவு கிடையாது. என் சோதனையில் இந்தக் கதை பாதிதான் தேறுகிறது. திருடர்கள் எந்தக் காலத்திலும் பசியோடு இருக்கலாம். இருந்தாலும் இந்தக் கதையை எடுத்துவிட்டால் தொகுப்பு கெட்டுப்போகும் என்றுதான் நினைக்கிறேன். மற்ற நான்கு கதைகளும் வசதியான, விசாலமான வீடுகளில் நடக்கின்றன. அங்கே அடைபட்டவர்களுக்குக் கோப்பியும் இசையும் இருந்தன, சண்டை பிடிக்க நேரமும் இருந்தது. அதே மாதங்களில் இந்தியாவின் பெருந்தெருக்களில் கூலித் தொழிலாளர்கள் குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு சொந்த ஊர்களுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ‘உள்ளே உன்னோடு இருந்தது யார்?’ என்று அவர்களிடம் கேட்க முடியுமா? ‘மிராக்கிள்’ மட்டும்தான் அந்தக் கேள்வியையே திருப்பிப் போடுகிறது. ஒரு தொகுப்பில் எல்லாக் கதைகளும் ஒரே பதிலைச் சொன்னால் அது பிரசங்கமாகிவிடும். எதிர்த்துப் பேசும் ஒரு கதையாவது வேண்டும். முதல் தொகுப்பில் அது ஒன்றே ஒன்றாக இருந்தது அதன் குறை.

இனி இரண்டாவது தொகுப்புக்கு வருகிறேன். அதன் பெயரைக் கவனியுங்கள். முதலாவது பெயர் ஒரு செய்தி: புத்தம் புது காலை. இரண்டாவதில் ஒரு சொல் சேர்ந்து அதைக் கேள்வியாக்கிவிட்டது: விடியாதா? 2020இல் எல்லோரும் சில வாரங்களில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். 2021இல் இரண்டாம் அலை வந்தபோது அந்த நம்பிக்கை போய்விட்டது. அந்த ஒரு சொல்லில் அது தெரிகிறது. கருப்பொருள் தொடர்கிறது என்றால் அது அப்படியே நிற்கிறது என்று பொருள் அல்ல. நேற்றைய பதில் இன்று போதாமல் போகிறது. அதனால் அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது பருவம் ஒன்று தேவைப்படுவதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

முதல் தொகுப்பில் கதவு மூடியதும் ஆட்கள் சேர்ந்தார்கள். இரண்டாவதில் கதவு மூடியதும் ஆட்கள் தனித்துப் போகிறார்கள். மதுமிதாவின் ‘மௌனமே பார்வையாய்’ கதையில் நதியாவும் ஜோஜு ஜார்ஜும் கணவன் மனைவி. ஒரே வீட்டில் இருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. மனைவிக்கு நோய் அறிகுறி தெரியும்போதுதான் அந்த மௌனத்தின் பாரம் இருவருக்கும் விளங்குகிறது. ‘இளமை இதோ இதோ’வின் ஜோடிக்கு நேர் எதிரே இந்த ஜோடியை வைத்துப் பாருங்கள். அவர்கள் சேர்ந்திருக்கப் பொய் சொன்னவர்கள். இவர்கள் சேர்ந்தே இருந்து பிரிந்தவர்கள். இரண்டு படங்களையும் இரண்டு பேர் செய்திருக்கிறார்கள். ஆனால் பார்க்கிற நமக்கு ஒன்று மற்றதற்குப் பதில் சொல்வது போலிருக்கிறது. தொகுப்புத் தொடரில் கிடைக்கும் சுவை இதுதான். முந்திய கதையை நினைத்துப் பார்க்க அங்கே பாத்திரங்களுக்கு முடியாது. அந்த வேலையைப் பார்வையாளர் செய்ய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹலிதா ஷமீமின் ‘லோனர்ஸ்’. 2019இல் வந்த அவருடைய ‘சில்லுக்கருப்பட்டி’யும் நான்கு கதைகளின் தொகுப்புத்தான். ஆகவே சிறிய கதைக்குள் என்ன வைக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். லிஜோமோல் ஜோஸும் அர்ஜுன் தாஸும் இணையவழியில் நடக்கும் ஒரு கல்யாணத்தில் திரை வழியாகச் சந்திக்கிறார்கள். இருவரும் தனித்தனியே வாழ்பவர்கள். ‘உள்ளே உன்னோடு இருந்தது யார்?’ என்ற பழைய கேள்விக்கு இவர்களின் பதில், ‘யாருமில்லை’. அதற்குப் பிறகு கேள்வி வேறாகிவிடுகிறது: யாருமே இல்லாதவர் தான் தனித்திருப்பதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? முடக்கம் இல்லாவிட்டால் அந்தக் கல்யாணம் மண்டபத்தில் நடந்திருக்கும். இந்த இருவரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பேசாமலே கலைந்திருப்பார்கள். சோதனையில் முழுதாகத் தேறும் கதை இது.

தேறாததும் இருக்கிறது. ‘த மாஸ்க்’ என்ற கதையில் ஒருவன் தன்னைப் பற்றிய உண்மை ஒன்றைப் பெற்றோருக்குச் சொல்ல முடியாமல் தவிக்கிறான். அவன் போட்டிருப்பது மனதின் முகமூடி. நோய்க்காலத்து முகக்கவசத்துக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமை உண்டு. ஆனால் நோய்க்காலத்தை எடுத்துவிட்டாலும் அவன் தவிப்பு அப்படியே இருக்கும். இது சிலேடை. சிலேடையால் இரண்டு கதைகளை ஒட்டலாம், கட்ட முடியாது. தொகுப்புத் தொடர்களில் அதிகம் நடக்கும் பிழை இதுதான் என்று நினைக்கிறேன். கதையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு கருப்பொருளை மேலே பூசுவது. ஒரு காட்சியில் முகக்கவசம், ஒரு காட்சியில் கைகழுவும் திரவம் என்று வைத்துவிட்டால் அது நோய்க்காலக் கதையாகிவிடாது.

இங்கே ஒரு தோழி என்னை மறித்தாள். ‘சுழல்’ தொடரைப் பார், அதில் பழைய ஆட்களும் வருகிறார்கள், அதுதான் நல்ல முறை என்றாள். புஷ்கரும் காயத்ரியும் உருவாக்கிய ‘சுழல்’ 2022இல் முதல் பருவமும் 2025 பெப்ரவரியில் இரண்டாம் பருவமுமாக வந்தது. முதலாவது சாம்பலூர் என்ற ஆலை ஊரில், மயானக் கொள்ளைத் திருவிழா நாட்களில் நடக்கிறது. இரண்டாவது காளிபட்டணம் என்ற கடற்கரை ஊரில், அஷ்டகாளித் திருவிழா நாட்களில். ஊர், திருவிழா, குற்றம் எல்லாம் புதியவை. கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் நடித்த இரண்டு பாத்திரங்கள் மட்டும் பழையவை.

தோழி சொன்னதில் நியாயம் இருக்கிறது. தெரிந்த முகம் ஒன்று இருந்தால் புதிய ஊருக்குள் நுழைவது எளிது. உம்மாவும் அதைத்தான் விரும்புவா. ஆனால் ‘சுழல்’ இரண்டு பருவங்களையும் உண்மையில் கட்டியிருப்பது அந்த இரண்டு முகங்கள் அல்ல. ஊரே கூடிக் கொண்டாடும் திருவிழாவின் வெளிச்சத்துக்குக் கீழே பெண்பிள்ளைகளுக்கு நடந்த கொடுமையை யாரும் பார்க்காமல் இருந்தார்களே, அது எப்படி என்ற கேள்விதான் கட்டியிருக்கிறது. இரண்டாம் பருவத்தில் ஒரு வழக்கறிஞரின் கொலைக்கு எட்டு இளம்பெண்கள் தாங்களே காரணம் என்று தனித்தனியே சொல்கிறார்கள். அந்த எண்மரைப் பார்க்கும்போது முதல் பருவத்தின் சிறுமி தானாக நினைவுக்கு வருகிறாள். யாரும் அவள் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அதற்கு மாறாக, பழைய வழக்கை விளக்கச் செலவாகும் நிமிடங்களில் தொடர் தளர்ந்து போனதாக எனக்குப் பட்டது. பழைய முகம் நமக்குக் கைபிடித்து வழிகாட்டும் என்பது உண்மை. அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்ளும்.

கடைசியாக, உம்மாவிடமே திரும்பி வருகிறேன்.

அன்றிரவு ஐந்து கதைகளும் முடிந்த பிறகு உம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, “அவங்க ஊரடங்கு எண்டு சொல்லல்லயே, லொக்டவுன் எண்டுதானே சொல்றாங்க” என்றா. நான் அதைக் கவனித்திருக்கவில்லை. 2020 மார்ச் 20இல் நம் நாடு முழுவதும் ஊரடங்கு போட்டபோது நான் ஏழாம் தரத்தில் இருந்தேன். எனக்கு அது பள்ளிக்கூடம் இல்லாத நாட்கள். ஏறாவூரில் 1990 ஓகஸ்ட்டைப் பத்து வயதில் கடந்து வந்த உம்மாவுக்கு ஊரடங்கு என்ற சொல்லே வேறு. வீதியில் சத்தம் அடங்கியதும் அவ கதவின் தாழ்ப்பாளை இரண்டு தடவை சரிபார்த்தா. அது நோய்க்குப் பயந்து செய்த காரியம் அல்ல என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இதே தொகுப்பின் அடுத்த பருவம் நம்முடைய பகுதியில் எடுக்கப்பட்டால் எப்படி இருக்கும்? கேள்வி அதேதான். கதவு மூடியபோது உள்ளே உன்னோடு இருந்தது யார்? உம்மாவைப் போன்ற ஒருவரின் கதையில் பதில், ‘முப்பது வருடத்துக்கு முந்திய பயம்’ என்று வரும். வாவியில் வலை போட முடியாமல் வீட்டில் குந்தியிருந்த ஒரு மீனவரின் கதையில், ‘வெறும் பானை’ என்று வரும். இன்னொரு கதையில் ஒரு குடும்பம் தங்கள் மையித்தைக் கேட்டுக் காத்திருக்கும். 2021 பெப்ரவரி இறுதிவரை நோயால் இறந்தவர்களை அடக்கம் செய்ய அனுமதி இருக்கவில்லை. மார்ச்சில் ஓட்டமாவடியில் இடம் திறக்கப்பட்டபோது நாட்டின் எங்கெங்கோ இருந்து மையித்துகள் அங்கே வந்தன. அந்தக் கதையில் கேள்வி தலைகீழாகும். உள்ளே இருந்தவர் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே போனவர் எங்கே என்று கேட்பார்கள்.

இந்த மூன்று கதைகளிலும் ஒரே ஆள் வரத் தேவையில்லை. ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கவும் தேவையில்லை. ஆனால் அந்தப் பத்துக் கதைகளோடும் இவை ஒரே பாயில் உட்காரும் என்று நம்புகிறேன்.

இதை எழுதிவிட்டு உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்தத் தாழ்ப்பாளையும் எழுதிட்டியா?” என்றா. ஓம் என்றேன். பிறகு இரண்டாவது தொகுப்பை எப்போது போடலாம் என்று கேட்டா. “அதில ஊர்வசி வரமாட்டா உம்மா” என்றேன்.

“தெரியும்கா. வாற ஆக்களப் பாப்பம்” என்றா.